மார்ச்சுக்கு முன் எழுத வேண்டிய கடிதம்

எங்கள் ஆபீஸில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கணக்குப் பிரிவில் இருக்கிறவனுக்கு வருடத்துக்குப் பதினொரு மாதமும், அப்புறம் ஒரு மார்ச்சும் என்பார்கள். அந்த மார்ச் வேறு கணக்கு. பொழுது விடிவதும் தெரியாது, சாய்வதும் தெரியாது. நான் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் மாசி பிறந்தால் மனசுக்குள் ஒரு பரபரப்பு வந்துவிட்டுத்தான் போகிறது.

இன்றைக்கு எழுத வந்தது என் மார்ச்சைப் பற்றி இல்லை. என் தங்கை மகள் சென்ற வருடம் அவளுடைய மேனேஜருக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி. சேதராப்பட்டுப் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அவள் அக்கவுண்டன்ட். கம்பெனியின் பெயர் வேண்டாம். "பேர் போடாம எழுதுறதுன்னா எழுதுங்க மாமா, யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகளும் மருமகள்களும் இப்படிப்பட்ட கம்பெனிகளில்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொரு பெண் கல்யாணமாகி நவம்பரில் கோயம்புத்தூர் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பொங்கலும் போய்விட்டது. இரண்டு பேர் வேலையும் இவள் தலையில். ஐந்தரைக்கு முடிய வேண்டிய ஆபீஸ் ஏழாகி, எட்டாகி, ஜனவரியில் சில நாள் வீடு வந்து சேர ஒன்பதரை. பையன் பத்தாம் வகுப்பு. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. பிப்ரவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அவள் போனில் மேனேஜருக்கு ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். மூன்று மாதமாகத் தனியாகக் கஷ்டப்படுகிறேன், உடம்பு முடியவில்லை, குடும்பத்தில் பிரச்சினை, இதைப் பலமுறை வாயால் சொல்லியும் பயனில்லை, ஆகவே என் வேலைப்பளுவைத் தயவுசெய்து குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் நான் அந்த மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய முடியும்? "பாவம்" என்று நினைக்கலாம். கூப்பிட்டு "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, மார்ச் முடியட்டும்" என்று சொல்லலாம். வேறு எதைச் செய்ய வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் கிடையாது. வேலையைக் குறைக்கச் சொல்கிறாள். எந்த வேலையை என்று சொல்லவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார், மரியாதை வாசகத்தை எத்தனை முழம் வேண்டுமானாலும் நீட்ட விடுவார். ஆனால் தலைப்பில் 'ஒப்ஜே' என்று போடுகிற அந்த ஒரு வரியில் கேட்பது என்னவென்று தெரியாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு அரசாங்க ஆபீஸில் சேர்ந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. எங்கள் ஹெட் கிளார்க் மாதாமாதம் நிலுவைப் பட்டியல் போடச் சொல்வார். மாத ஆரம்பத்தில் கையில் இருந்த தபால் இத்தனை, புதிதாக வந்தது இத்தனை, முடித்தது இத்தனை, மீதி இத்தனை. ஒரு கிளார்க் "எனக்கு வேலை அதிகம் சார்" என்றால் அவர் பதிலே சொல்ல மாட்டார். பட்டியலைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்த செக்‌ஷன் ஃபைலை அந்த ஸீட்டுக்கு மாத்து" என்பார். வேலை அதிகம் என்பது புகார். மீதி இத்தனை என்பது கணக்கு. தங்கை மகளிடம் அதைத்தான் சொன்னேன். "நீ அக்கவுண்டன்ட். உன் கடிதமும் ஒரு கணக்காத்தான் இருக்கணும்."

உடனே எழுத வேண்டாம், முதலில் ஒரு வாரம் அளந்து பார் என்றேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. திங்கள் முதல் சனி வரை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அவ்வப்போதே குறிக்க வேண்டும். சாயங்காலம் யோசித்து எழுதக் கூடாது. யோசித்து எழுதினால் பிடிக்காத வேலை பெரிதாகவும் பழகிய வேலை சின்னதாகவும் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. சம்பளப் பட்டியல்தான் உயிரை எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைக் கூட்டிப் பார்த்தால், நாள் முழுவதும் டிஸ்பாட்சிலிருந்து "மேடம், வண்டி நிக்குது" என்று கூப்பிடக் கூப்பிடப் போட்டுக்கொடுக்கிற விற்பனை பில்லும் ஈ-வே பில்லும்தான் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் தின்றிருந்தன.

அந்த நோட்டிலிருந்து வந்த கணக்கு இது. விற்பனை பில்லும் ஈ-வே பில்லும் இரண்டரை மணி. எம்.டி.க்கு சாயங்காலம் அனுப்ப வேண்டிய இரண்டு பக்க தினசரி அறிக்கை ஒரு மணி. கொள்முதல் பில் பதிவு, பேமென்ட், பாங்க், போன் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி. ஆக நாளொன்றுக்கு 7 மணி. மார்ச்சில் அவளுக்கு 25 வேலை நாள். 175 மணி. இதுதவிர மாதம் ஒருமுறை வரும் வேலைகள்: சம்பளம், 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்டுவது, 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவற்றுக்கு 40 மணி. கூட்டினால் 215.

எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் 25 நாளுக்கு இருப்பதே 200 மணிதான். அதாவது வருட முடிவு வேலையில் கையே வைக்காமல், சாதாரண மாதத்திலேயே 15 மணி துண்டு விழுகிறது. தினமும் ஏழு மணி, எட்டு மணி ஆவதற்குக் காரணம் அவளுடைய மந்தம் இல்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "நான் ஸ்லோவோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் மாமா" என்றாள்.

அடுத்து வருட முடிவு வேலை. அதைப் பட்டியல் போட்டோம். மூன்று பாங்க் கணக்குகளில் டிசம்பரிலிருந்து சரிபார்க்காமல் நிற்பதை முடிப்பது, பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் "எங்கள் புத்தகப்படி உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானா" என்று எழுத்தில் உறுதி வாங்குவது, சப்ளையர் கணக்குகளை நேர் செய்வது, 31-ஆம் தேதி ஸ்டாக்கும் ரொக்கமும் எண்ணுவது ஆகிய இவை 56 மணி. வருடம் முழுவதற்குமான கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் சப்ளையர்கள் ஏற்றியிருக்கும் பில்களோடு ஒப்பிடுவது 20 மணி. மெஷின் முதலிய சொத்துகளுக்குத் தேய்மானம் போடுவது, கொடுபட வேண்டிய செலவுகளுக்கும் கடன் வட்டிக்கும் ஒதுக்கீடு போடுவது 18 மணி. ஆக 94.

215-உம் 94-உம் 309. இருப்பது 200. துண்டு 109 மணி. 25 நாளில் பங்கு போட்டால் தினம் நாலு மணிக்கும் மேல். ஐந்தரைக்கு மேல் நாலு மணி என்றால் ஒன்பதரை. அந்த நேரத்துக்கு மேல் சேதராப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் தனியாக வர வேண்டும். கடிதத்தில் இதை எழுத வேண்டியதே இல்லை. 109 என்ற எண்ணே சொல்லிவிடும்.

இங்கேதான் முக்கியமான இடம். கணக்கு வேலையில் இருப்பவர்கள்கூடச் சில சமயம் இதை யோசிப்பதில்லை. 'மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டும்' என்று சொல்லிச் சொல்லி, எல்லா வேலைக்கும் அதே கெடு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்தத் தேதிக்குள் நடந்தே தீர வேண்டியவை சில. அந்தத் தேதியைப் பற்றியவை, ஆனால் ஏப்ரலில் உட்கார்ந்து செய்யக்கூடியவை பல. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி மூச்சுத் திணறல் போய்விடும்.

நடந்தே தீர வேண்டியது எது? ஸ்டாக் எண்ணுவது. 31-ஆம் தேதி கிடங்கில் எத்தனை ரீல் பேப்பர் இருந்தது என்பதை ஏப்ரல் 10-ஆம் தேதி எண்ண முடியாது. எண்ணினாலும் நடுவில் வந்ததையும் போனதையும் கழித்துக் கூட்டித் தலை சுற்றும். கல்லாவில் இருக்கும் ரொக்கமும் அப்படியே. அடுத்தது கடைசி பில்லும் கடைசி வண்டியும் பொருந்துவது. 31-ஆம் தேதி போட்டு ஒரு பில். சரக்கு ஏற்றிய வண்டியோ 2-ஆம் தேதிதான் கேட்டைத் தாண்டுகிறது என்று வையுங்கள். அந்தச் சரக்கு விற்பனையிலும் ஏறியிருக்கும், 31-ஆம் தேதி ஸ்டாக்கிலும் எண்ணப்பட்டிருக்கும். ஒரே பெட்டி இரண்டு இடத்தில்! லாபம் இல்லாத லாபமாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: கடைசி நாட்களின் பில் நம்பர்களையும் வாட்ச்மேன் வைத்திருக்கும் கேட் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். களைத்துப்போனவர் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

மூன்றாவது, சிறு தொழில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுப்பது. இது சில வருடம் முன்பு வந்த விதி. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் கொடுபடாமல் நின்றால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரிக்குக் காட்ட முடியாது; எந்த வருடம் கொடுக்கிறோமோ அந்த வருடத்துக்குத்தான் செலவு. அவள் கம்பெனிக்குப் பசையும் கம்பியும் கொடுப்பவர்கள் பலர் இந்தக் கணக்கில் வருகிறவர்கள். ஒரு 6 லட்சம் கவனிக்காமல் நின்றுவிட்டால், கால்பங்கு வரி என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் அந்த வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த வருடம் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையைவிட்டுப் போகும் பணம் இன்றைக்குப் போகிறதே.

சரி, எது ஏப்ரலுக்குப் போகும்? தேய்மானமும் ஒதுக்கீடும் முழுக்கவே போகும். அவை புத்தகத்தில் 31-ஆம் தேதியிட்டு எழுதப்படும், ஆனால் எழுதும் கை ஏப்ரலில் எழுதலாம். கரண்ட் பில்லே ஏப்ரலில்தானே வருகிறது. அது 18 மணி. ஜிஎஸ்டி ஒப்பிடலிலும் பெரும்பகுதி போகும். விட்டுப்போன வரிக் கழிவை எடுத்துக்கொள்ளச் சட்டம் அடுத்த நவம்பர் 30 வரை இடம் தருகிறது. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவரைக்கும்தான். ஆனால் எல்லாவற்றையும் தள்ளவும் கூடாது. நாள் ஆக ஆக, பில்லை ஏற்றாத சப்ளையர் போனை எடுக்க மாட்டார். ஆகவே பெரிய ஐந்து சப்ளையர்களை மட்டும் மார்ச்சில் பார்த்துவிட்டு மற்றதை ஏப்ரலுக்கு என்று வைத்தோம். 20-இல் 16 மணி நகர்ந்தது. இரண்டும் சேர்த்து 34. துண்டு 109-இலிருந்து 75 ஆயிற்று. மேனேஜரிடம் எதையும் கேட்காமலே இவ்வளவு! அவர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மீதிக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, மார்ச் ஒரு மாதம் விற்பனை பில்லையும் ஈ-வே பில்லையும் டிஸ்பாட்சில் இருக்கும் பையனே போடட்டும். ஈ-வே பில் போர்ட்டலில் உப-பயனர் என்று தனி லாகின் உண்டாக்கிக் கொடுக்கலாம்; கம்பெனி பாஸ்வேர்டை யாரிடமும் தர வேண்டியதில்லை. டேலியிலும் பில் மட்டும் போடும் உரிமையோடு ஒரு பெயர் உண்டாக்கலாம். இவள் சாயங்காலம் அரைமணி உட்கார்ந்து சரிபார்ப்பாள். நாளுக்கு 2 மணி வீதம் 50 மணி மிச்சம். இரண்டாவது, தினசரி அறிக்கையை மார்ச்சுக்கு மட்டும் வார அறிக்கையாக்குவது. 25 மணிக்குப் பதில் 5 மணி. 20 மிச்சம். 75-இல் 70 போக, மீதி 5 மணி. அந்த ஐந்து மணியை "நானே இருந்து முடிச்சுடுவேன்" என்று அவள் எழுதினாள். அது எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு சுத்தமாக மூடியது.

இந்தக் கடிதத்தில் நாங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. காலி இடத்துக்கு ஆள் போடுங்கள் என்று. அவளுக்கு அதில் மனத்தாங்கல். "அதுதானே மாமா மூல காரணம்?" என்றாள். காரணம் அதுதான். ஆனால் ஆள் எடுப்பது அந்த மேனேஜர் கையில் இல்லை, எம்.டி. கையில் இருக்கிறது. அதை இதில் சேர்த்தால் கடிதம் மேலே போகும், அங்கே நிற்கும், "ரிக்ரூட்மென்ட் நடக்குது" என்ற பதிலோடு மார்ச் முடிந்துவிடும். அரசாங்கத்தில் இதற்குப் பெயர் தகுந்த அதிகாரி. யாருக்கு எழுதுகிறோமோ அவர் தன் கையெழுத்தில் கொடுக்கக்கூடியதை மட்டும் கேட்டால்தான் அவர் அன்றைக்கே கொடுக்க முடியும். ஆள் கேட்பதைத் தனிக் கடிதமாக ஏப்ரலில் எழுதச் சொன்னேன்.

இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னேன், அதற்கு அவள் தயங்கினாள். ஜனவரியில் ஒரு சப்ளையரின் பில் இரண்டு முறை பதிவாகிவிட்டது. மெயிலில் வந்த பிரதியை 118 என்றும், பிறகு தபாலில் வந்த காகிதத்தை 00118 என்றும் போட்டிருக்கிறாள். நம்பர் வேறாக இருப்பதால் கம்ப்யூட்டர் தடுக்கவில்லை. பேமென்ட் பட்டியல் எடுத்தபோது ஒரே பெயரில் ஒரே தொகை இரண்டு வரியாக நிற்பதைப் பார்த்துப் பிடித்துவிட்டாள். பணம் போகவில்லை. "இதை எதுக்கு நானே எழுதிக் கொடுக்கணும்?" என்றாள். நஷ்டம் வராமல் பிடித்தவளும் அவள்தானே! உடம்பு முடியவில்லை என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த இரண்டு வரி அந்த மேனேஜருக்கு நன்றாகப் புரியும். தவிர, கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது என்ற தடத்தோடு பதிவாக வேண்டும் என்பது விதி. பிறகு ஆடிட்டர் பார்த்துக் கேட்பதைவிட நாமே முதலில் சொல்வது நல்லது.

கடிதம் ஆங்கிலத்தில் ஒரே பக்கமாகப் போனது. தமிழில் அதன் சாரம் இது:

"பொருள்: மார்ச் மாதத்துக்கு மட்டும் இரண்டு வேலைகளை மாற்றித் தரவும், மூன்று வேலைகளை ஏப்ரலில் முடிக்க அனுமதிக்கவும் வேண்டுகோள்.

ஐயா, பிப்ரவரியில் ஒரு வாரம் என் வேலை நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். அதன்படி மார்ச்சில் வழக்கமான வேலைக்கு 215 மணியும், வருட முடிவு வேலைக்கு 94 மணியும் தேவை. இருப்பது 200 மணி. குறைவு 109 மணி. விவரம் பின்பக்கத்தில்.

தேய்மானம், ஒதுக்கீடுகள், பெரிய ஐந்து சப்ளையர் தவிர்த்த ஜிஎஸ்டி ஒப்பிடல் ஆகிய மூன்றையும் ஏப்ரல் 20-க்குள் முடித்துத் தருகிறேன் (34 மணி). விற்பனை பில்லையும் ஈ-வே பில்லையும் மார்ச் 1 முதல் 31 வரை டிஸ்பாட்ச் பிரிவு போட அனுமதிக்கவும். தினமும் நான் சரிபார்க்கிறேன் (50 மணி). தினசரி அறிக்கையை இந்த ஒரு மாதம் சனிக்கிழமை தோறும் தர அனுமதிக்கவும் (20 மணி). மீதி 5 மணியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டாக் எண்ணுவது, கடைசி பில்களைக் கேட் ரெஜிஸ்டரோடு ஒப்பிடுவது, சிறு தொழில் சப்ளையர் பேமென்ட் ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியாது. ஜனவரியில் ஒரு பில் இருமுறை பதிவாகி, பணம் போகுமுன் கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச்சில் அப்படிப் பார்த்துப் பிடிக்க நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வேண்டுகோள். 25-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் டிஸ்பாட்சில் பழக்கிக் கொடுக்க வசதியாக இருக்கும்."

பிப்ரவரி 20-ஆம் தேதி கொடுத்தாள். வாயில் சொல்லிவிட்டு, கையில் கொடுத்து, மெயிலிலும் அனுப்பினாள். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டுப் பின்பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டாராம். ஒரு பில்லுக்கு எத்தனை நிமிஷம், அறிக்கைக்கு ஏன் ஒரு மணி என்று. நோட்டு கையில் இருந்ததால் இவளுக்குப் பதில் இருந்தது. முதல்முறையாக அவர் தன்னோடு வேலையைப் பற்றிப் பேசினார், தன்னைப் பற்றிப் பேசவில்லை என்று சொன்னாள்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஏப்ரலுக்குத் தள்ளுவதற்கு ஆடிட்டர் உடனே சரி என்றார். பில் போடுவதை டிஸ்பாட்சுக்கு மாற்ற மேனேஜர் ஒப்புக்கொண்டார், ஆனால் அந்தப் பிரிவில் பேசி முடித்து ஆரம்பிக்கும்போது மார்ச் 10 ஆகிவிட்டது. முதல் வாரம் அந்தப் பையன் ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி நம்பரை இன்னொருவருக்குப் போட்டுவிட்டான். ஈ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பதால், சாயங்காலம் சரிபார்த்தபோது பிடித்து மாற்றினார்கள். அந்த அரைமணியை விட்டிருந்தால் வேறு கதை. வார அறிக்கைக்கு எம்.டி. சம்மதிக்கவில்லை, தினமும் பார்த்தே ஆக வேண்டுமாம். அப்போது மேனேஜரே ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கம் வேண்டாம், அன்றைய விற்பனை, வசூல், பாங்க் இருப்பு என்று மூன்று எண்ணை மட்டும் மெசேஜில் அனுப்பு என்று. கால்மணி நேர வேலை. கிட்டத்தட்ட நாங்கள் கேட்ட மிச்சமே கிடைத்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தில் எம்.டி. இத்தனை நாளும் பார்த்தது அந்த மூன்று எண்ணைத்தான் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

மார்ச் முடிந்ததும் அவள் நோட்டைக் கூட்டிச் சொன்னாள். மாதம் முழுக்க அதிகப்படியாக இருந்தது 24 மணி நேரம். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் 109. இருபத்துநாலும் கொஞ்சம் இல்லை, ஆனால் ஆறரைக்குள் கிளம்பி ஏழரைக்குள் வீடு. பையன் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் அவனோடு உட்கார்ந்திருந்தாள். காலி இடத்துக்கான கடிதத்தை ஏப்ரலில் கொடுத்தாள். அதே நோட்டு, அதே 15 மணி துண்டு. ஜூனில் ஒரு பெண்ணை எடுத்தார்கள்.

இப்படி எழுத நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். தேதி முக்கியம். இதே கடிதம் மார்ச் 15-இல் போயிருந்தால், எவ்வளவு நல்ல மேனேஜராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. புதிதாக ஒருவரைப் பழக்கவே பத்து நாள் பிடிக்கிறது. அளக்க ஒரு வாரம், எழுத இரண்டு நாள், அவர்கள் யோசிக்க ஒரு வாரம் என்று பின்னாலிருந்து எண்ணினால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே நோட்டு கையில் இருக்க வேண்டும். அரசாங்க நிதி விதிகளிலேயே கடைசி மாதங்களில் செலவை அவசரமாகக் கொட்டுவது நிதி ஒழுங்குக்கு விரோதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எழுதி வைத்தும் நாங்கள் ஒவ்வொரு மார்ச்சும் ட்ரெஷரி ஜன்னலில் பில்லோடு நின்றதை இந்த ஊரில் பார்க்காதவர்கள் யார்?

இரண்டாவது, பிரதி. தேதியோடு ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மிரட்டுவதற்காக இல்லை. மேனேஜர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டாலும், இந்த வேலைகளில் எதை முதலில் பார்ப்பது, எது பின்னால் போகும் என்று நாம் முன்கூட்டியே சொன்னது அதில் இருக்கும். செப்டம்பரில் ஆடிட்டர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டும்போது ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிய அவசியம் இராது. என் தங்கை மகள் அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். இந்த வருடம் பிப்ரவரி முதல் திங்கட்கிழமை புதிதாக வந்த பெண்ணிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்திருக்கிறாளாம்.